காம்பவுண்டுச் சுவருக்கு அடியில் பெருச்சாளி

"தர்மபுரியில் வீடு. சுவரோர வளையைச் சிமெண்ட் வைத்து அடைத்தாலும் பெருச்சாளி பக்கத்திலேயே தோண்டுகிறது. ஏன், எப்படி நிறுத்துவது?"

அதற்குச் சுவர்தான் கூரை. அஸ்திவாரம் தோண்டி மூடிய மண் இறுகாமல் கிடக்கும், தோண்ட லேசு. பக்கத்தில் சாக்கடை ஈரமும் கேழ்வரகு மூட்டையும் இருந்தால் கேட்கவே வேண்டாம். நீங்கள் வாயை மட்டும் பூசினால், உள்ளே இருப்பது இன்னொரு வாய் திறக்கும்.

மாலையில் எல்லா வளைகளையும் ஈரமண்ணால் மூடுங்கள். காலையில் புதுமண் தள்ளியிருப்பதுதான் நடமாட்டமுள்ள வளை. அங்கே கருவாடு வைத்துக் கூண்டு போடுங்கள். இரண்டு மூன்று நாள் எதுவும் திறக்காவிட்டால், ஜல்லி கலந்த கான்கிரீட்டை உள்ளே ஆழமாகக் குத்தி நிரப்புங்கள்.

அப்புறம் சுவரை ஒட்டி வெளிப்பக்கம் ஒன்றரை அடி பள்ளம் எடுத்து, கால் அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ்ஷை இறக்குங்கள். அடிப்பகுதியை ஓர் அடி வெளியே மடக்கிவிட்டு மண் மூடுங்கள். சுவரோரமாகவே தோண்டி வரும் பெருச்சாளி அந்த மடிப்பில் முட்டி நின்றுவிடும். பின்வாங்கித் தள்ளித் தோண்ட அதற்குப் பெரும்பாலும் தோன்றாது. கோழிவலை வேண்டாம், சுண்டெலி சுலபமாக நுழைந்துவிடும்.