5 கிலோ ஓம் ஏன் கிடைப்பதில்லை?

கேள்வி: கோயம்புத்தூரில் எந்தக் கடையில் 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் கேட்டாலும், மஞ்சள், ஊதா, சிவப்பு, தங்கப் பட்டைகள் உள்ள ஒன்றைத் தருகிறார்கள். இது எத்தனை ஓம்? கேட்டதையே ஏன் தருவதில்லை?

தங்கப் பட்டை வலப்பக்கம் வருமாறு பிடியுங்கள். தங்கம் இலக்கத்தைக் குறிக்காது என்பதால் அது முதலில் வர முடியாது. மஞ்சள் 4, ஊதா 7, சிவப்பு என்றால் இரண்டு சுழியம். ஆக 4700 ஓம். தங்கம் 5 சதவீத விலகலை அனுமதிப்பதால், உண்மை மதிப்பு 4465 முதல் 4935 வரை எங்கும் இருக்கலாம்.

தயாரிப்பில் மதிப்புகள் சற்றே சிதறுவது இயல்பு. விலகல் 10 சதவீதம் வரை இருந்த காலத்தில், 4.7 என்பதே 4.23 முதல் 5.17 வரை தழுவியது, அடுத்த 5.6 ஏறக்குறைய அங்கிருந்தே, 5.04-இல், தொடங்கியது. இடையில் 5 என்று தனியாக ஒன்றைச் செய்தால், அதன் பெரும்பகுதி அண்டை மதிப்புகளுக்குள்ளேயே அடங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு மதிப்பும் முந்தையதைப் போல ஏறத்தாழ 1.21 மடங்காக, 1 முதல் 10 வரை பன்னிரண்டு மதிப்புகள் வகுக்கப்பட்டன. இதுவே E12 வரிசை. விலகல் 5 சதவீதமானபோது E24 வந்தது, அதில் 5.1 உண்டு.

எல்.இ.டி.க்குத் தொடராக இணைக்க 4.7 தாராளமாகப் போதும். மின்னழுத்தத்தைத் துல்லியமாகப் பிரிக்க வேண்டுமானால், 10 கிலோ ஓம் இரண்டைப் பக்க இணைப்பில் போடுவதே என் வழக்கம்.