மணிக்கு 300 ரூபாய் என்றால் மாதம் உண்மையில் எவ்வளவு கையில் நிற்கும்?

கேள்வி: எம்.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்திருக்கிறேன். இப்போது இருக்கிற வேலையை விட்டுவிட்டு, தர்மபுரியில் வீட்டுக்குப் போய் டியூஷன் எடுக்கலாம் என்று யோசனை. மணிக்கு 300 ரூபாய், முதல் வகுப்பு இலவசம். ஆனால் அடிக்கடி கேன்சல் செய்வார்கள் என்கிறார்கள். அதெல்லாம் போக மாதம் எவ்வளவு நிற்கும்?

பதில்:

ஐந்து பிள்ளைகள், ஆளுக்கு மாதம் 12 வகுப்பு என்று வைத்தால் ஏட்டில் 18,000 வரும். கையில் 13,000 சொச்சம் நிற்கும். இதை யூகத்தில் சொல்லவில்லை. பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் இதே ஊரில் ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய்க் கணக்குச் சொல்லித் தருகிறேன். ஒவ்வொரு மணி நேரத்தையும் நோட்டில் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு.

உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் எங்கள் சொந்தக்காரர் ஒருவர். ஒரு கல்யாண வீட்டில் எல்லாரும் இருக்கும்போது, "மணிக்கு முன்னூறு, தினம் நாலு மணி நேரம்னா மாசம் முப்பத்தாறாயிரம். உனக்கென்னம்மா குறை?" என்றார். பெருக்கல் சரிதான். அந்தப் பெருக்கலில் ஞாயிற்றுக்கிழமை இல்லை, பொங்கல் இல்லை, பூட்டிய கேட் இல்லை. நீங்களும் அதே பெருக்கலைப் போட்டு இருக்கிற வேலையை விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும்.

ஜனவரி மாதத்தை எடுத்துக்கொள்கிறேன். அப்போது நடந்த வகுப்புக்கு மட்டும் மாதக் கடைசியில் பணம் என்ற முறையில் இருந்தேன். எழுதி வைத்தது 60 மணி நேரம். பொங்கல் வாரத்தில் மட்டும் 8 வகுப்பு போயிற்று. பாதிப் பேர் தாத்தா பாட்டி ஊருக்கு, மீதிப் பேர் வீட்டில் விருந்தாளிகள். அதன்பின் காய்ச்சல், திருப்புதல் தேர்வு, குமாரசாமிப்பேட்டை தைப்பூசத் தேர் என்று இன்னும் 7. மொத்தம் 15. இதில் வேறொரு நாள் வைத்து ஈடுகட்ட முடிந்தது 3 தான். ஆக நடந்தது 48 மணி நேரம், வந்தது 14,400 ரூபாய். பெட்ரோல் 900, மாதிரி வினாத்தாள் ஜெராக்ஸ் 300 போக மிச்சம் 13,200.

ரத்தான வகுப்பை இன்னொரு நாள் எடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து, முகம் கழுவி, ஏதாவது சாப்பிட்டு உட்கார ஐந்தரை ஆகிவிடும். ஒன்பது மணிக்கு மேல் யார் வீட்டிலும் உட்கார முடியாது. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் நேரத்தைக் கழித்தால் ஒரு நாளைக்கு மூன்று வகுப்புக்குத்தான் இடம். பாரதிபுரத்தில் ஏழு மணி வகுப்பு ரத்தானால் அந்த ஏழு மணியை நாளைக்கு எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. நாளைய ஏழு மணி வேறொரு பிள்ளையுடையது. மிச்சம் ஞாயிற்றுக்கிழமை காலைதான், அதுவும் எல்லா வீட்டுக்கும் ஒத்து வராது.

எல்லா ரத்தும் ஒன்றல்ல. காலையிலேயே "மிஸ், இன்னைக்கு வேணாம், பாப்பாவுக்கு உடம்பு சரியில்ல" என்று வாட்ஸ்அப்பில் வந்துவிட்டால் அந்த நேரத்தில் வேறு ஏதாவது செய்யலாம். போய் நின்ற பிறகு தெரிவதுதான் வலிக்கும். இலக்கியம்பட்டியில் ஒரு வீடு. சாயங்காலம் ஆறரைக்குப் போய் நிற்கிறேன், கேட்டில் பூட்டு. போன் போட்டால் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா துணி எடுத்துக்கொண்டே, "அவங்க அதியமான்கோட்டை பைரவர் கோயிலுக்குப் போயிருக்காங்க கண்ணு, இன்னைக்குத் தேய்பிறை அஷ்டமி இல்ல?" என்கிறார். சாமி கும்பிடப் போனதைக் குறை சொல்லவில்லை. தேய்பிறை அஷ்டமி திடீரென்று வருவதில்லை, காலண்டரில் இருக்கிறது. முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நேரத்தை ஈடு வகுப்பு கேட்டுக்கொண்டிருந்த வேறு பிள்ளைக்குக் கொடுத்திருப்பேன்.

இலவச வகுப்புக்கு வருகிறேன். எல்லாரும் இதைத்தான் பெரிய நஷ்டம் என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. மூன்று வீட்டில் இலவச வகுப்பு எடுத்து ஒரு வீடு சேர்ந்தாலும், அந்தப் பிள்ளைக்காக நீங்கள் விட்டது 900 ரூபாய், ஒரே ஒரு தடவை. அது நான்கு மாதம் படித்தால் 14,400 வருகிறது. ரத்தோ மாதா மாதம் உண்டு.

ஆனால் அதிலும் ஏமாற்று இருக்கிறது. தேர்வுக்கு முந்தின வாரம் ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். பையன் ஆயத்தொலை வடிவியலில் எட்டுக் கணக்கை நோட்டில் எழுதித் தயாராக வைத்திருந்தான். "இதை மட்டும் போட்டுக் காட்டுங்க மிஸ்" என்றார் அம்மா. போட்டுக் காட்டினேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள், அதோடு சரி. பிறகுதான் தெரிந்தது, அதே வாரம் இன்னொரு டீச்சரிடம் இலவச வகுப்பில் முக்கோணவியல் முடித்திருந்தான். இப்போது தேர்வு வாரத்தில் இலவச வகுப்பு வைப்பதே இல்லை. மற்ற நாட்களிலும் 40 நிமிடம்தான், அதுவும் யாராவது ரத்து செய்து காலியான நேரத்தில். பிள்ளை கேட்கும் கணக்கைப் போடுவதில்லை. எட்டாவது, ஒன்பதாவது பாடத்திலிருந்து ஐந்து கணக்கு நான் கொடுப்பேன்: பின்னம், குறை எண், காரணிப்படுத்துதல் இப்படி. எங்கே சறுக்குகிறது என்று நோட்டைக் காட்டியே அம்மாவிடம் சொல்லிவிடுவேன். பத்தாம் வகுப்புப் பிள்ளை இருபடிச் சமன்பாட்டில் திணறுவதற்குக் காரணம் பெரும்பாலும் சமன்பாடு இல்லை, அடைப்புக்குறியைப் பிரிக்கும்போது குறியை மாற்றாமல் விடுவதுதான். இதை நேரில் பார்த்த பெற்றோர் பேரம் பேசுவது குறைவு.

பிப்ரவரியிலிருந்து முறையை மாற்றினேன். 12 வகுப்புக்கு 3,600 ரூபாய், ஒன்றாம் தேதியே கொடுத்துவிட வேண்டும். மதியம் 12 மணிக்குள் சொன்னால் ஞாயிறு காலை ஈடு வகுப்பு உண்டு. அதற்குப் பிறகு சொன்னால் அந்த வகுப்பு நடந்ததாகவே கணக்கு. நான் வராத நாளுக்கு, எப்போது சொல்லியிருந்தாலும், ஈடு வகுப்பு கட்டாயம். மீந்த வகுப்பு அடுத்த மாதத்துக்குப் போகாது. திடீர்க் காய்ச்சல், ஆஸ்பத்திரி என்றால் நேரக் கணக்குப் பார்க்க மாட்டேன். ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் பிள்ளையின் நோட்டில் தேதி போட்டு வீட்டில் ஒரு கையெழுத்து. இது இல்லாவிட்டால் மாதக் கடைசியில் "எங்க கணக்குல பதினொண்ணுதான் வருது" என்ற பேச்சு வரும்.

ஒரு வீடு ஒத்துக்கொள்ளவில்லை, நின்றுவிட்டார்கள். மீதி நான்கு பேர். எழுதியது 48 வகுப்பு. அதில் 9 ரத்து: ஆறு முன்கூட்டியே சொன்னது, ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்துவிட்டேன். மூன்று கடைசி நேரத்தில், அது நடந்ததாகக் கணக்கு. வந்த பணம் 14,400. ஜனவரியில் ஐந்து பேரிடம் வந்த அதே தொகை. எடுத்த வகுப்பு 45 தான், வாரத்தில் மூன்று வகுப்பு நேரம் காலியாகவும் இருந்தது. ஒன்றாம் தேதியே பணம் கையில் இருந்ததால் வீட்டு வாடகைக்கு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இழந்தது ஞாயிறு காலையை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

கல்வியை வியாபாரம் ஆக்குகிறீர்கள் என்று கீழே எழுத வருபவர்களுக்கு: நான் அரசுப் பள்ளி ஆசிரியர் இல்லை. பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியர் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. அது என்னைப் போன்றவர்களுக்குப் பொருந்தாது. இந்த மணிநேரம்தான் என் சம்பளம். பணம் கட்ட முடியாத ஒரு பிள்ளைக்குக் காசு வாங்காமலும் சொல்லித் தருகிறேன். அது நானாக முடிவு செய்தது. கேட்டைப் பூட்டிக்கொண்டு போனவர்கள் எனக்காக முடிவு செய்தது இல்லை.

பள்ளி வேலைக்கே போகலாமே என்பார்கள். போனேன். ஒரு தனியார் பள்ளியில் சேரும்போது டிகிரி, பி.எட். ஒரிஜினல் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருடம் கழித்து விலகுகிறேன் என்றபோது, கல்வியாண்டு முடியாமல் தர முடியாது என்றார்கள். வேறு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்டபோது ஜெராக்ஸைக் காட்டி நின்றேன், எடுத்துக்கொள்ளவில்லை. நான் படித்து வாங்கிய சான்றிதழ் அவர்கள் பீரோவில். இதைக் கேட்க ஆளில்லாமல் எத்தனை பேர் அந்தச் சம்பளத்துக்கே உட்கார்ந்திருக்கிறார்கள்! உங்கள் ஒரிஜினலை எந்தப் பள்ளியிலும் கொடுக்காதீர்கள். இது நீங்கள் கேட்காததுதான், இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

சரி, உங்கள் விஷயம். நீங்கள் புதிதாகத் தொடங்கும்போது முன்பணம் கேட்டால் தயங்குவார்கள். முதல் மாதம் மட்டும் ஆறு வகுப்புக்கு 1,800 முன்னால், மீதி பாதி மாதத்தில் என்று கேளுங்கள். அதற்கும் மறுக்கிற வீட்டில் பிறகு வசூலிப்பது கஷ்டம். பொதுத் தேர்வு முடிந்த மறுநாளே பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். அந்தக் கடைசி மாதப் பாக்கியைக் கேட்டு வாங்குவது பெரும்பாடு, முன்பணத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஏப்ரல் பாதியிலிருந்து மே முழுக்க ஏறக்குறைய ஒன்றும் வராது, ஜூனில் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். அதனால் மாதம் 13,200 என்பதைப் பத்து மாத வருமானமாக எடுத்துக்கொண்டு பன்னிரண்டால் வகுங்கள். 11,000 வருகிறது. இப்போது இருக்கிற வேலையில் கிடைப்பதோடு ஒப்பிட வேண்டிய எண் அதுதான்.