பவுன் எங்கிருந்து வந்தது?

அன்புள்ள ஐயா,

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. தமிழ்ப் 'பொன்'தான் 'பவுன்' ஆனது, அதை வெள்ளைக்காரர்கள் எடுத்துப்போய்ப் 'பவுண்ட்' ஆக்கிக்கொண்டார்கள் என்று. என் மாமனார் நகைத்தொழிலில் இருந்தவர். அவரும் அப்படித்தான் சொல்கிறார். இது உண்மையா? ரூபாய், டாலர் என்ற சொற்களுக்கும் முதலில் என்ன பொருள் இருந்தது? ரூபாய் என்றால் வெள்ளி என்கிறார் ஒருவர், உருவம் என்கிறார் இன்னொருவர்.

மீனா, கரூர்

அன்புள்ள மீனா,

பவுண்டிலிருந்துதான் பவுன் வந்தது. ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்துச் சொல்லின் பிறப்பைச் சொன்னால் இப்படி வழி தவறிவிடும். அந்தச் சொல்லை முதலில் சொன்னவர்கள் கையில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். பவுண்ட் என்று முதலில் சொன்னவர்கள் கையில் இருந்தது தராசு. தட்டில் இருந்த பண்டம் எதுவாகவும் இருக்கலாம்.

லத்தீன் மொழியில் 'லிப்ரா' என்றால் தராசு. ரோமானியர்களின் ஓர் எடைக்கும் அதே பெயர். நம் கணக்கில் சுமார் 327 கிராம். 'லிப்ரா பாண்டோ' என்று சேர்த்துச் சொன்னால் 'நிறுத்துப் பார்த்தால் ஒரு லிப்ரா' என்று பொருள். பாண்டோ என்ற சொல்லுக்கு அடியில் இருக்கும் வினைச்சொல்லுக்குத் தொங்கவிடுதல், நிறுத்தல் என்று இரண்டு பொருளும் உண்டு. நம் 'தூக்கு' என்ற சொல் அப்படியே இதற்கு ஈடாக நிற்கும். தொங்குவதும் தூக்கு, எடைபோடுவதும் தூக்கு. சீர்தூக்கிப் பார்ப்பது என்கிறோமே, அது தராசு பிடிப்பதுதான்.

ரோமானியர்களோடு வாணிபம் செய்த ஜெர்மானிய மக்கள் இந்தத் தொடரில் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் 'பாண்டோ'தான் பழைய ஆங்கிலத்தில் 'புண்ட்' ஆகி, பிறகு பவுண்ட் ஆனது. விட்டுப்போன முன்பாதியான லிப்ரா, £ என்ற குறியில் இருக்கிறது. அந்தச் சொல்லின் முதலெழுத்துக்குக் குறுக்கே கோடு போட்டதுதான் அந்தக் குறி. இத்தாலியின் பழைய நாணயமான லிராவும் இதே லிப்ராதான்.

எடை எப்படிப் பணமானது? எட்டாம் நூற்றாண்டின் கடைசியில், 790-களில், பிராங்கு மன்னர் சார்லமேன் ஒரு பவுண்டு வெள்ளியிலிருந்து 240 காசுகள் அடிக்க வேண்டும் என்று ஒழுங்கு செய்தார். இங்கிலாந்திலும் அதே கணக்கு வந்தது. அங்கே அந்தச் சிறிய வெள்ளிக்காசின் பெயர் பென்னி. 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்ட். இங்கிலாந்து நாணயச்சாலையின் பவுண்டு சுமார் 350 கிராம். ஆகவே ஒருவர் 'ஒரு பவுண்ட் கடன்' என்றால், மூன்றில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலான வெள்ளியைச் சொல்கிறார் என்று பொருள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. பவுண்ட் என்று ஒரு நாணயமே அப்போது கிடையாது. கணக்குப் புத்தகத்தில் பவுண்ட் இருந்தது, கையில் புழங்கியது பெரும்பாலும் பென்னிதான். ஏறத்தாழ 700 ஆண்டுகள் இப்படியே போயிற்று. 1489-இல் ஏழாம் ஹென்றி ஒரு பெரிய தங்க நாணயத்தை அடித்தார். அதன் பெயர் 'சாவரின்', அதாவது வேந்தன். அரியணையில் அமர்ந்த மன்னரின் உருவம் அதில் இருந்தது. ஒரு பவுண்ட் மதிப்புக்கு அடிக்கப்பட்ட முதல் நாணயம் அதுதான்.

இதற்கிடையில் சொல்லும் எடையும் பிரிந்துவிட்டன. செலவு நெருக்கும்போதெல்லாம் அதே வெள்ளியில் இன்னும் சில காசுகள் கூடுதலாக அடித்துக்கொள்வது அரசர்களுக்கு எளிய வழி. 1601-க்கு வந்தால், எடைப் பவுண்டு ஒன்றிலிருந்து 62 ஷில்லிங் அடித்தார்கள். பணப் பவுண்டுக்கு 20 ஷில்லிங்தான் என்பதால், அதில் பழைய வெள்ளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது. பெயர் மட்டும் அப்படியே இருந்தது. கடைசியில் 1816-இல் சட்டம் போட்டுப் பவுண்டைத் தங்கத்துக்கு மாற்றினார்கள். அடுத்த ஆண்டு புதிய சாவரின் வந்தது. எடை 7.988 கிராம், 22 காரட்.

அந்த எண்ணைப் பார்த்ததும் உங்கள் மாமனாருக்குப் புரிந்துவிடும். நகைக்கடையில் இன்றைக்கு ஒரு பவுன் என்பது 8 கிராம். சாவரினின் எடையைத்தான் முழு எண்ணாக்கி வைத்திருக்கிறோம்.

என் அம்மாச்சியிடம் அப்படி ஒரு காசு இருந்தது. ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரைமேல் ஒருவர் கீழே கிடக்கும் பறவைநாகத்தைத் தாக்குகிறார். அம்மாச்சி அதைப் 'பவுன் காசு' என்றுதான் சொல்வார். அந்தக் காலத்து வீடுகளில் இது கிடைத்ததில் வியப்பில்லை. 1899-இல் இந்திய அரசு சாவரினை 15 ரூபாய்க்குச் செல்லும் பணமாக்கியது. 1918-இல் பம்பாயிலேயே சாவரின் அடித்தார்கள். ஒரு பவுண்ட் மதிப்புள்ள காசு என்பதால் நம்மவர் வாயில் அது பவுன். அந்தக் காசைத் தட்டான் தராசில் போட்டு அதற்கு ஈடாகத் தங்கம் நிறுத்தபோது பவுன் மறுபடியும் எடையாயிற்று. எடையில் பிறந்து, பணமாகி, ஆயிரம் ஆண்டுக்கு மேல் சுற்றிவிட்டு நம் நகைக்கடைத் தராசில் வந்து உட்கார்ந்த சொல் இது. 350 கிராம் வெள்ளி 8 கிராம் தங்கமாகிவிட்டது, அவ்வளவுதான் மாற்றம்.

இனி ரூபாய். உங்களிடம் சொன்ன இருவரும் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள், எது முந்தியது என்பதுதான் கேள்வி. 'ரூப' என்றால் உருவம். அதிலிருந்து வந்த 'ரூப்ய' என்ற சொல்லைப் பாணினி தன் இலக்கணத்தில் ஒரு சூத்திரத்தில் சொல்கிறார். அங்கே அதற்கு ஒரு பொருள் 'அடிக்கப்பட்டது', அதாவது உருவம் பதிய முத்திரை குத்தப்பட்டது. அந்தப் பழைய நாணயங்களை அருங்காட்சியகத்தில் பார்த்திருப்பீர்கள். வெள்ளித் தகட்டை வெட்டி, எடை சரிபார்த்து, சூரியன், விலங்கு, மரம் என்று சின்னங்களை ஒவ்வொன்றாகக் குத்தியிருப்பார்கள். வெறும் வெள்ளித்துண்டை வாங்குபவர் ஒவ்வொரு முறையும் நிறுத்து, உரசிப் பார்க்க வேண்டும். முத்திரை இருந்தால் அந்த வேலையை வேறொருவர் முன்பே செய்துவிட்டார் என்று பொருள். முத்திரை குத்தியவை பெரும்பாலும் வெள்ளியாகவே இருந்ததால், ரூப்ய என்ற சொல் வெள்ளிக்கும் பெயராயிற்று. இந்தியில் இன்றும் 'ரூபா' என்றால் வெள்ளி. ஆக, உருவம் முதலில், வெள்ளி பிறகு.

ஆனால் ஒரு குறிப்பிட்ட நாணயத்துக்கு அதைப் பெயராக நிலைநிறுத்தியவர் ஷேர் ஷா சூரி. 1540 முதல் 1545 வரை ஐந்தே ஆண்டுகள் டெல்லியை ஆண்டவர். அவருடைய வெள்ளி ரூபாய் ஏறத்தாழ பதினொன்றரை கிராம். முகலாயர்கள் அதைத் தொடர்ந்தார்கள், அப்புறம் கிழக்கிந்தியக் கம்பெனியார். சென்னையில் 1818 வரை கணக்கெல்லாம் வராகன் என்ற தங்க நாணயத்தில். அதன்பிறகு 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று மாற்றினார்கள். அந்தச் சென்னை ரூபாயின் எடையான 180 கிரெயின், அதாவது 11.66 கிராம், 1835-இல் கம்பெனியின் நாடு முழுவதற்கும் பொது அளவாயிற்று. ஒரு தோலாவும் அதே எடை. அதனால் இங்கேயும் பவுனுக்கு நடந்ததே நடந்தது. தராசில் படிக்கல்லுக்குப் பதில் ரூபாயைப் போட்டு நிறுத்தார்கள், 'இத்தனை ரூபாய் எடை' என்று மருந்துச் சரக்குக்கும் அளவு சொன்னார்கள். 1940-இல் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்தது, 1947-இல் நிக்கல் ரூபாய் வந்தது. வெள்ளி என்று பொருள்பட்ட பெயர் வெள்ளியே இல்லாத காசுக்குப் போயிற்று.

டாலரின் கதை சின்னது. இன்றைய செக் நாட்டில், ஜெர்மன் எல்லைக்குப் பக்கத்தில் ஒரு மலைப்பள்ளத்தில் வெள்ளி கிடைத்தது. 1516-இல் அங்கே எழுந்த ஊருக்கு யோவாகிம்ஸ்தால் என்று பெயர், அதாவது புனித யோவாகிமின் பள்ளத்தாக்கு. இப்போது யாஹிமோவ் என்கிறார்கள். 1520-ஐ ஒட்டி அங்கே அடித்த பெரிய வெள்ளி நாணயங்கள் 'யோவாகிம்ஸ்தாலர்', அந்த ஊர்க்காசு. காஞ்சிபுரம் கட்டியிருந்தாள் என்றால் சேலையைச் சொல்கிறோம் இல்லையா, அதுபோலத்தான். நீளமான பெயர் என்பதால் முன்பாதியை விட்டுவிட்டு 'தாலர்' என்றார்கள். புனிதர் போய்விட்டார், 'பள்ளத்தாக்குக்காரன்' மட்டும் மிஞ்சினான். அது டச்சுக்காரர்களிடம் 'டாலெர்' ஆகி, ஆங்கிலத்தில் டாலர் ஆனது. அமெரிக்கக் குடியேற்றங்களில் அதிகம் புழங்கிய ஸ்பானிய வெள்ளி நாணயத்தையும் ஆங்கிலேயர்கள் டாலர் என்றே அழைத்தார்கள். விடுதலை பெற்ற அமெரிக்கர்கள் 1785-இல் அதையே தங்கள் பணத்துக்குப் பெயராக வைத்தார்கள். நாம் சங்கிலியில் கோக்கும் பதக்கத்தையும் டாலர் என்கிறோம். எத்தனை பவுனில் டாலர் வேண்டும் என்று நகைக்கடையில் கேட்கும்போது, ரோமானியத் தராசும் அந்த மலைப்பள்ளமும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகின்றன.

பொன் கடல்கடந்து போகவில்லை என்பதில் உங்கள் மாமனாருக்கு வருத்தம் இருக்கலாம். ஆனால் காசு போயிருக்கிறது. தமிழ்நாட்டுக் கரையில் வாணிபம் செய்த போர்த்துகீசியர்கள் காசைக் 'காய்ஷா' என்றார்கள், அது ஆங்கிலத்தில் 'கேஷ்' ஆனது. ரொக்கம் என்ற பொருளில் இன்று சொல்லும் கேஷ் வேறு. அது பணப்பெட்டியைக் குறித்த ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்தது. நான் சொல்வது செப்புக்காசின் பெயரான கேஷ். நடுவில் ஓட்டை போட்ட சீனக் காசுகளையும் ஆங்கில நூல்கள் அந்தப் பெயரில்தான் சொல்கின்றன.

கம்பெனியார் சென்னைக்காக இங்கிலாந்தில் அடித்த செப்பு நாணயங்களில் அந்தச் சொல்லையே பொறித்தார்கள். 10 கேஷ், 20 கேஷ் என்று 1808-ஆம் ஆண்டிட்டு அடித்தவற்றை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980-களில் அதிலிருந்து அள்ளி எடுத்த காசுகள் இன்றும் நாணயம் சேர்ப்பவர்களிடம் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. 20 கேஷ் கிடைத்தால் மாமனாருக்கு வாங்கிக் கொடுங்கள். ஒரு பக்கம் கம்பெனியின் சிங்கச் சின்னமும் ஆண்டும் இருக்கும். மறுபக்கம் பாரசீக எழுத்தில் 'இருபது காசு நான்கு ஃபலூஸ்' என்று எழுதி, அதன் கீழே ஆங்கிலத்தில் 20 கேஷ் என்று போட்டிருக்கும்.