தம்பி போனுக்கு வந்த பட்டன் என் போனுக்கு ஏன் வரவில்லை?

கேள்வி: மன்னார்குடி பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். கடன் கணக்கு எழுத நானும் தம்பியும் ஒரே ஆப்தான் வைத்திருக்கிறோம். போனும் ஒரே மாடல், ஒன்றாக வாங்கியது. தம்பி போனில் மட்டும் நிலுவைக்காரர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நினைவூட்டல் அனுப்பும் பட்டன் வந்திருக்கிறது. எனக்கு அப்டேட் செய்தும் வரவில்லை. ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போடலாமா? குறுவைக் கடன் வசூலாகிற நேரம், அவசரமாகத் தேவைப்படுகிறது.

பதில்: அழிக்காதீர்கள். பெரும்பாலும் பட்டன் வராது, சர்வருக்கு ஏறாத கணக்கு ஏதாவது இருந்தால் அதுவும் போய்விடும். கடன் நோட்டைத் தொலைப்பதற்கு அது சமம்.

உங்கள் போனில் எந்தக் கோளாறும் இல்லாமலே இது நடக்கலாம். ஒரு புது வசதி உங்கள் கைக்கு வர இரண்டு கதவு திறக்க வேண்டும். முதலில், அந்த வசதிக்கான நிரல் அடங்கிய வெர்ஷன் போனுக்குள் வர வேண்டும். பிறகு, ‘இந்தக் கணக்குக்குக் காட்டலாம்’ என்று நிறுவனத்தின் சர்வர் சொல்ல வேண்டும். அப்டேட் செய்வது முதல் கதவை மட்டும்தான் திறக்கும். இரண்டாவது கதவு நம் கையில் இல்லை. ஆகவே எந்தக் கதவு மூடியிருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

இரண்டு போனையும் பக்கத்தில் வையுங்கள். செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் அந்த ஆப்பைத் தொட்டு, கடைசிவரை தள்ளிப் பாருங்கள். அடியில் வெர்ஷன் எண் சின்ன எழுத்தில் இருக்கும். அதை வாசிக்கும்போது ஒரு விஷயத்தில் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். தம்பியிடம் 4.18.2, உங்களிடம் 4.9.7 என்று இருந்தால் உங்களுடையதுதான் பழசு. இது விலைப்பட்டியலில் வரும் தசம எண் அல்ல. புள்ளிக்குப் புள்ளி தனித்தனி எண், 18 என்பது 9-ஐவிடப் பெரியது, அவ்வளவுதான்.

எண் வேறாக இருந்தால் பிளே ஸ்டோரில் அந்த ஆப்பின் பக்கத்தைத் திறங்கள். Update என்று இருந்தால் தொடுங்கள், முடிந்தது. Open மட்டும் இருந்து, எண்ணும் பழசாகவே இருந்தால், புது வெர்ஷன் இன்னும் உங்களுக்கு விடப்படவில்லை. ஆப் தயாரிப்பவர்கள் பிளே ஸ்டோரில் ஒரு அப்டேட்டைப் போடும்போது ‘முதலில் 5 சதவீதம் பேருக்கு’ என்று அளவு வைக்க முடியும். அந்த 5 சதவீதத்தில் யார் யார் என்பதைக் கூகுள் குத்துமதிப்பாகப் பொறுக்கி எடுக்கும். பொறுக்காத போனுக்கு அந்த அப்டேட் கண்ணிலேயே படாது. பழைய வெர்ஷனையே புதியது என்று ஸ்டோர் காட்டும். எத்தனை முறை தேடினாலும் அதே பதில்தான்.

வீட்டில் யாராவது ஐபோன் வைத்திருந்தால் கணக்கு வேறு. ஆப்பிளின் படிப்படியான வெளியீடு ஏழு நாள் ஓடும்: 1, 2, 5, 10, 20, 50, கடைசி நாள் 100 சதவீதம். ஆனால் அந்த வரிசை தானாக நடக்கும் அப்டேட்டுக்கு மட்டும்தான். ஆப் ஸ்டோருக்குப் போய்க் கையால் அப்டேட் செய்தால் முதல் நாளே வந்துவிடும். ஆண்ட்ராய்டில் அந்த வழி கிடையாது.

சரி, இரண்டு போனிலும் 4.18.2 தான் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அப்டேட் செய்துவிட்டதாகச் சொல்வதால் இதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அப்படியானால் அந்தப் பட்டனுக்கான நிரல் உங்கள் போனுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. காட்டாமல் மறைத்து வைத்திருக்கிறார்கள்.

யாருக்குக் காட்டுவது என்பதை நிறுவனங்கள் எப்படி முடிவு செய்கின்றன என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். பரவலாக உள்ள முறை இது: வசதியின் உள்பெயரையும் உங்கள் கணக்கு எண்ணையும் சேர்த்து ஒரு கணக்கீட்டுக்குள் விடுவார்கள். அது 0 முதல் 99 வரை ஏதோ ஒரு எண்ணைத் தரும். ஒரே கணக்குக்கு எத்தனை தடவை கேட்டாலும் ஒரே எண்தான் வரும். உதாரணத்துக்கு, தம்பிக்கு 13, உங்களுக்கு 64 என்று விழுந்துவிட்டது. இன்று 20 சதவீதம் பேருக்குத் திறந்திருக்கிறார்கள் என்றால் 0 முதல் 19 வரை உள்ளவர்களுக்குப் பட்டன் தெரியும். தம்பிக்கு உண்டு, உங்களுக்கு இல்லை. நாளை 50 ஆக்கினாலும் 49 வரைதான், உங்களுக்கு இல்லை. 65 சதவீதத்தைத் தொடும்போதுதான் 64-க்குத் திறக்கும். வழக்கமாக 50-லிருந்து நேரே 100-க்குப் போய்விடுவார்கள் என்பதால் கடைசிக் கட்டத்தில்தான் உங்களுக்கு வரும்.

அழித்துவிட்டுப் போடுவதில் பயனில்லை என்று தொடக்கத்தில் சொன்னதற்குக் காரணமும் இதுதான். அதே மொபைல் எண்ணில் உள்ளே வந்தால் அதே கணக்கு, அதே 64. சில ஆப்கள் கணக்கை வைத்துப் பிரிக்காமல், ஆப் நிறுவப்படும்போது உருவாகும் அடையாள எண்ணை வைத்துப் பிரிக்கும். அங்கே மறுபடி நிறுவினால் எண் மாறலாம். அழித்துப் போட்டதும் வந்துவிட்டது என்று யாராவது சொல்வது அதனால்தான். ஆனால் கடன் கணக்கை வைத்துக்கொண்டு அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

இன்னொன்று. நம் பக்கத்தில் மேட்டூர் திறந்து எத்தனை நாளானாலும் கடைமடைக்குக் கடைசியில்தான் தண்ணீர் என்று பழகிவிட்டதால், ‘சென்னைக்காரனுக்குக் கொடுத்துவிட்டுத்தான் நமக்கு’ என்ற நினைப்பு இதிலும் வந்துவிடுகிறது. இந்தக் கணக்கீட்டுக்கு மன்னார்குடியும் தெரியாது, மயிலாப்பூரும் தெரியாது. வசதியின் பெயரும் சேர்ந்தே கணக்கிடப்படுவதால், அடுத்த வசதிக்கு உங்களுக்கு 4, தம்பிக்கு 88 என்று விழவும் வாய்ப்புண்டு.

நாடு வாரியாகப் பிரிப்பது மட்டும் உண்மையாகவே நடக்கிறது. வாட்ஸ்அப் சேனல்ஸ் 2023 ஜூனில் கொலம்பியாவிலும் சிங்கப்பூரிலும்தான் தொடங்கியது, இந்தியாவுக்கு அந்த செப்டம்பரில்தான் வந்தது. அப்புறம் ஆண்ட்ராய்டின் வெர்ஷன், ஆப்பில் தேர்ந்தெடுத்த மொழி, கணக்கின் வகை இவற்றை வைத்தும் பிரிப்பார்கள். உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது கணக்கின் வகையைத்தான். தம்பி ‘கடை’ என்று பதிந்து, நீங்கள் ‘தனிநபர்’ என்று பதிந்திருந்தால் ஒரே வெர்ஷனில்கூட இந்த வித்தியாசம் வரும். ஆப்பின் சுயவிவரப் பக்கத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதுவும் ஒன்றாக இருந்தால் ஒரு சோதனை உண்டு. தம்பி போனில் எல்லாப் பதிவும் சர்வருக்கு ஏறிவிட்டதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பல கணக்கு ஆப்களில் பதிவின் ஓரத்தில் டிக் குறியோ கடிகாரக் குறியோ இருக்கும். கடிகாரக் குறி இருந்தால் அந்தப் பதிவு இன்னும் ஏறவில்லை. எல்லாம் ஏறிய பிறகு தம்பி வெளியேறட்டும். அதே போனில் உங்கள் எண்ணையும் ஓடிபியையும் போட்டு நீங்கள் உள்ளே போங்கள். பட்டன் மறைந்துவிட்டால் விஷயம் கணக்கைச் சார்ந்தது, காத்திருப்பதுதான் வழி. பட்டன் அப்படியே இருந்தால் உங்கள் கணக்குக்கு அனுமதி வந்துவிட்டது, உங்கள் போனுக்குத்தான் சேதி எட்டவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

அப்படி எட்டாமல் போவது சிக்னல் தடுமாறும் ஊர்களில் சகஜம். ஆப் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சர்வரிடம் அனுமதிப் பட்டியலைக் கேட்காது. இதற்காகப் பல ஆப்கள் பயன்படுத்தும் கூகுளின் ஃபயர்பேஸ் ரிமோட் கான்ஃபிக் சேவையில், தயாரிப்பவர் மாற்றாதவரை, ஒரு தடவை வாங்கிய பட்டியலை 12 மணி நேரம் வைத்துக்கொள்ளும். கேட்கும் நேரத்தில் நெட் இல்லாவிட்டால் பழைய பட்டியலே ஓடும். புதுப் பட்டியல் வந்தாலும் அடுத்த முறை திறக்கும்போதுதான் திரையில் காட்டும்படி சில ஆப்கள் எழுதப்பட்டிருக்கும். ஆகவே நல்ல சிக்னல் இருக்கும் இடத்தில் ஆப்பைத் திறந்து ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு முழுதாக மூடிவிட்டு மறுபடி திறங்கள். மறுநாளும் ஒருமுறை செய்யுங்கள். செட்டிங்ஸில் ‘டேட்டா அழி’ பக்கம் மட்டும் கை போக வேண்டாம்.

இவ்வளவு சிக்கல் எதற்கு என்று கேட்டால், நினைவூட்டல் பட்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டி முடித்தவருக்கும் ‘பாக்கி இருக்கிறது’ என்று போகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைத்தெருவில் சண்டையே வந்துவிடும். 20 சதவீதத்தில் அந்தப் பிழை தெரிந்தால் சர்வரில் பட்டனை அணைத்துவிடலாம். பிளே ஸ்டோர் வழியாகப் போன வெர்ஷனை அப்படித் திரும்ப வாங்க முடியாது. புதிதாகப் பரவாமல் நிறுத்தலாம், ஏற்கெனவே வாங்கியவர்களுக்குத் திருத்திய அடுத்த வெர்ஷன்தான் போக வேண்டும். அதனால்தான் வெர்ஷனை முன்கூட்டியே எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, வசதியைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறார்கள். தம்பி போனில் இருக்கும் பட்டன் ஒருநாள் காலையில் காணாமல் போனாலும் ஆச்சரியப்படாதீர்கள். பாதிப் பேருக்குக் காட்டி, மீதிப் பேரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனையாகவும் இருக்கலாம். அதில் சரிப்படவில்லை என்றால் அந்த வசதி உங்களுக்கு வராமலே போகும்.

யாராவது ‘புது வெர்ஷன் ஏபிகே’ என்று ஆப்பை நேரடியாக நிறுவும் ஃபைல் அனுப்பினால் நிறுவாதீர்கள். யாரோ கை வைத்து மாற்றிய ஃபைலின் டிஜிட்டல் கையொப்பம் அசலோடு ஒத்துப்போகாது. அதனால் இருக்கும் ஆப்பின் மேல் அதை ஏற்ற ஆண்ட்ராய்டு மறுத்து App not installed என்று சொல்லும். அங்கேதான் பலர் அசல் ஆப்பை அழித்துவிட்டு அதைப் போடுகிறார்கள். கணக்கு விவரம் முழுக்க முன்பின் தெரியாத ஒருவரின் நிரலுக்குள் போகிறது. அசல் ஏபிகேயாகவே இருந்தாலும் அது திறப்பது முதல் கதவைத்தான். பிளே ஸ்டோர் பக்கத்தின் அடியில் இருக்கும் பீட்டாவில் சேர்வது முறையான வழிதான், ஆனால் முழுதாகச் சோதிக்காத வெர்ஷனைக் கடைப் போனில் வைக்க நான் சொல்லமாட்டேன்.

ஆப்பின் உதவிப் பிரிவுக்கு எழுதுவதானால் ‘பட்டன் வரவில்லை’ என்று மட்டும் எழுதினால் ‘அப்டேட் செய்யுங்கள்’ என்றுதான் பதில் வரும். வெர்ஷன் எண், ஆண்ட்ராய்டு எண், கணக்கின் வகை மூன்றையும் எழுதி, ‘இந்த வசதி என் கணக்குக்குத் திறக்கப்பட்டிருக்கிறதா’ என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் கேட்டால் திறந்தே விடுவார்கள்.

வசூல் அதுவரை நிற்க வேண்டியதில்லை. கடைக் கணக்கில் இன்னொருவரைச் சேர்க்கும் வசதி உங்கள் ஆப்பில் இருந்தால், உங்கள் கணக்குப் புத்தகத்தில் தம்பியின் எண்ணைச் சேர்த்து, அவர் போனிலிருந்து பட்டனை அழுத்திப் பாருங்கள். சில ஆப்கள் புத்தகத்தின் உரிமையாளரை வைத்து முடிவு செய்யும், அங்கே இது பலிக்காது. பலித்தால், நிலுவைக்காரர் எல்லோருக்கும் அனுப்புமுன் கடையில் வேலை செய்பவரின் எண்ணை ஒரு சின்ன நிலுவையோடு சேர்த்து, அவருக்கு மட்டும் அனுப்பிப் பாருங்கள். யார் பெயரில், எந்த எண்ணிலிருந்து போகிறது என்று தெரிந்துவிடும்.