ஜன்னல் பச்சையாகத்தான் இருக்கிறது, ஏ.சி. போர்டு மட்டும் போய்விட்டது

கேள்வி: ஐயா, எங்களுடையது தரைத்தளத்தோடு சேர்த்து மூன்று தள வீடு. போன வருஷம் கீழே மெயின் ஸ்விட்ச் போர்டான டி.பி.யில், சர்ஜ் என்கிற திடீர் வோல்டேஜ் ஏற்றத்தைத் தடுக்கும் 40 கிலோ ஆம்பியர் எஸ்.பி.டி. ஒன்று போட்டோம். இந்த ஐப்பசி இடியில் இரண்டாவது மாடி இன்வெர்ட்டர் ஏ.சி.யின் போர்டு போய்விட்டது. எஸ்.பி.டி.யின் நிலை காட்டும் ஜன்னல் இன்னும் பச்சைதான். கடைக்காரர் 100 கிலோ ஆம்பியருக்கு மாற்றச் சொல்கிறார். வாங்கலாமா?
(வாசகர், தென்காசி)

பதில்: வாங்காதீர்கள். 40, 100 என்பதெல்லாம் அந்தப் பெட்டி ஒருமுறை எவ்வளவு கரண்ட்டைத் தாங்கிப் பிழைக்கும் என்ற கணக்கு. உங்கள் பெட்டி பிழைத்துத்தான் இருக்கிறது, அதனால்தான் ஜன்னல் பச்சை. இடைவழியில் நியூட்ரல் அறுந்து 400 வோல்ட் வந்திருந்தால் அந்தப் பச்சை பெரும்பாலும் தப்பியிருக்காது. ஆக, இது இடியின் வேலை என்ற உங்கள் ஊகம் சரியாக இருக்கலாம்.

நீங்கள் பார்க்க வேண்டிய எண் வேறு. பெட்டியின் முகத்தில் யு.பி. என்று போட்டிருக்கும் (உத்தரப் பிரதேசம் அல்ல). சர்ஜ் வரும்போது அந்தப் பெட்டி தன் இரு முனைகளுக்கு இடையே எவ்வளவு வோல்டேஜை விட்டுவிடும் என்பதுதான் அது. உங்கள் ரகத்தில் வழக்கமாக 1.5 கிலோவோல்ட் இருக்கும். பிளக்கில் மாட்டும் வீட்டுச் சாமான்கள் 2.5 கிலோவோல்ட் வரை தாங்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். 1.5-க்கும் 2.5-க்கும் நடுவே இவ்வளவு இடம் இருக்கும்போது ஏ.சி. ஏன் போனது?

டி.பி. மூடியைத் திறந்து (மெயினை அணைத்துவிட்டு, எலெக்ட்ரீஷியனை வைத்துக்கொண்டு) ஒரு இஞ்ச் டேப் வைத்து அளந்து பாருங்கள். பேஸ் கம்பி எம்.சி.பி.யிலிருந்து எஸ்.பி.டி.க்கு எவ்வளவு நீளம் வருகிறது, எஸ்.பி.டி.யிலிருந்து எர்த் பாருக்கு எவ்வளவு போகிறது. நான் பார்த்த பல வீடுகளில் எஸ்.பி.டி. கடைசியாக வருவதால் டி.பி.யின் மூலையில் ஒட்டியிருக்கும். ஒரு வீட்டில் மிச்சக் கம்பியை வெட்ட மனமில்லாமல் ஸ்பிரிங் போலச் சுருட்டி டை போட்டு வைத்திருந்தார்கள், பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதைவிடக் கெடுதலாக அந்தக் கம்பியை வைக்க முடியாது, சுருட்டினால், வேகமாக மாறும் கரண்ட்டைத் தடுக்கும் இண்டக்டன்ஸ் இன்னும் ஏறும்.

இடியின் கரண்ட் சில மைக்ரோ நொடிகளில் உச்சிக்கு ஏறிவிடும். அந்த வேகத்துக்கு நேரான கம்பிகூட முட்டுக்கட்டைதான். 10 கிலோ ஆம்பியர் அளவுள்ள சர்ஜுக்கு ஒரு மீட்டர் கம்பியில் சுமார் 1 கிலோவோல்ட் எழும் என்று வைத்துக்கொள்ளலாம். பேஸ் பக்கம் 60 சென்டிமீட்டர், எர்த் பக்கம் 90 சென்டிமீட்டர் இருந்தால் மொத்தம் ஒன்றரை மீட்டர், அதில் 1.5 கிலோவோல்ட். பெட்டி விட்டது 1.5, கம்பி சேர்த்தது 1.5. ஆக வீட்டு ஒயரிங்குக்குப் போனது 3. பெட்டியில் அச்சடித்த எண் பொய்யில்லை, அது பெட்டியின் முனைகளோடு முடிந்துவிடுகிறது. தடிமனான கம்பி போட்டாலும் இதில் பெரிய மாற்றம் வராது, நீளம்தான் கணக்கு.

சரிசெய்ய ஒரு ரூபாய் பெட்டியும் வேண்டாம். எஸ்.பி.டி.யை உள்வரும் எம்.சி.பி.க்குப் பக்கத்தில் நகர்த்தி, எர்த் பாரையும் அதன் அடியிலேயே வைக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கக் கம்பியும் சேர்த்து 50 சென்டிமீட்டருக்குள் வர வேண்டும், 30 வந்தால் நல்லது. முனையில் இரண்டு கம்பி பிடிக்கும் வசதி இருந்து, அது உங்கள் லோடு கரண்ட்டைத் தாங்கும் என்றால், உள்வரும் கம்பியை எஸ்.பி.டி. முனைக்கே கொண்டுவந்து அங்கிருந்தே லோடுக்கு எடுக்கலாம். அந்தப் பக்கம் கிளைக் கம்பியே இருக்காது. எர்த் குழி எட்டு மீட்டர் தள்ளி இருக்கிறதே என்று சிலர் பயப்படுவார்கள். வீட்டின் எல்லா எர்த்தும் அந்த ஒரே பாரில் சேர்ந்திருந்தால் குழி வரை போகும் கம்பி இந்தக் கணக்கில் வராது, எல்லாம் சேர்ந்து ஏறி சேர்ந்து இறங்கும்.

இப்போது 1.5-உம் 0.3-உம் சேர்த்து 1.8 கிலோவோல்ட். கீழ்த்தளத்துக்கு இது போதும். மாடிக்குப் போதாது. மெயின் டி.பி.யிலிருந்து ஏ.சி. வரை கேபிள் 20 மீட்டருக்கு மேல் இருக்கும் என்று நினைக்கிறேன். சுமார் 10 மீட்டரைத் தாண்டினால், கேபிளின் அந்தக் கோடியில் அலை எதிரொலித்து வோல்டேஜ் இரண்டு மடங்கு வரை எழும்பக்கூடும். 1.8 அங்கே 3.6 ஆனால் ஏ.சி. போர்டு மறுபடியும் அவ்வளவுதான். அதனால் 100 கிலோ ஆம்பியருக்கு வைத்திருந்த காசில் இரண்டாவது மாடி டி.பி.யில் இன்னொரு டைப் 2, அதாவது கீழே உள்ள அதே வகை எஸ்.பி.டி. போடுங்கள். அங்கே வந்து சேரும் கரண்ட் குறைவு, எனவே சின்னது போதும். யு.பி. 1.2 அல்லது அதற்குள் பாருங்கள். கம்பி நீள விதி அங்கும் உண்டு.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பெட்டியில் யு.சி. என்று இன்னோர் எண் இருக்கும், 275, 320, 385 என்று. அது எப்போதும் தாங்கி நிற்கும் வோல்டேஜ். கீழே 385, மேலே 275 போட்டுவிட்டால், மேலே உள்ள சின்னப் பெட்டி முந்திக்கொண்டு கரண்ட்டுக்கு வழி திறந்துவிடும். வேகமாக ஏறும் முதல் நொடித்துளியில் நடுவில் உள்ள 20 மீட்டர் கம்பி தடுத்து, கரண்ட்டைக் கீழ்ப்பெட்டிக்குத் தள்ளிவிடும். ஏற்றம் முடிந்து மெதுவாக இறங்கும் வாலில் அந்தத் தடுப்பு இல்லை. மிச்ச சுமையெல்லாம் தாழ்ந்த வோல்டேஜில் திறந்து நிற்கும் சின்னப் பெட்டியின் தலையில்தான் விழும். அது ஒருநாள் சிவப்பாகும், கீழே உள்ளது பச்சையாகவே சிரித்துக்கொண்டிருக்கும். எனவே மேலே உள்ளதன் யு.சி. கீழே உள்ளதைவிடக் குறையக் கூடாது. இரண்டையும் ஒரே கம்பெனியில் வாங்கி, எத்தனை மீட்டர் இடைவெளியில் ஒத்துப்போகும் என்ற அட்டவணையைக் கேளுங்கள். அட்டவணை இல்லை என்று சொன்னால் வேறு கம்பெனி பாருங்கள்.

கட்டிடத்தில் இடிதாங்கி இருந்தால் கதை வேறு, மெயினில் நேரடி இடியின் கரண்ட்டைத் தாங்கும் டைப் 1 வேண்டும். அதில் ஸ்பார்க் கேப் வகை வாங்கினால் இந்த அட்டவணை இன்னும் முக்கியம். உள்ளே உள்ள இடைவெளியில் பொறி பாய்ந்து கேப் திறக்கவே கணிசமான வோல்டேஜ் வேண்டும், மாடிப் பெட்டி அதை ஏறவிடாமல் பிடித்துக்கொண்டால் கேப் தூங்கிக்கொண்டிருக்கும்.

ஏ.சி. பக்கத்தில் ஸ்பைக் கார்டு போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன், உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு நீல வில்லை, அவ்வளவுதான். மாடி டி.பி.யில் பெட்டி போட்ட பிறகு டி.வி.க்கு அது கூடுதல். அதை மட்டும் நம்பி மாடியை விடாதீர்கள்.