கேபினெட்டுக்குள் கார்டு நுழையுமா?

கேள்வி: மைக்ரோ ஏடிஎக்ஸ் மதர்போர்டு வாங்கிவிட்டேன். பார்த்து வைத்திருக்கும் ஏடிஎக்ஸ் கேபினெட்டில் '330 மி.மீ. வரை கிராபிக்ஸ் கார்டு' என்று போட்டிருக்கிறது. என் கார்டு 310 மி.மீ. முன்பக்கம் 240 ரேடியேட்டர் மாட்டப் போகிறேன். எல்லாம் பொருந்தும்தானே?

பதில்: போர்டு பொருந்தும், கார்டு இடிக்கும்.

போர்டில் சிக்கல் இல்லை. ஏடிஎக்ஸ் போர்டு 305 x 244 மி.மீ., உங்களுடையது அதிகபட்சம் 244 x 244. கேபினெட்டில் அதற்கான திருகுத் துளைகளும் இருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். போர்டைத் தாங்கும் பித்தளைக் குமிழ்களில், உங்கள் போர்டில் துளை இல்லாத இடத்தில் இருப்பதைக் கழற்றிவிடுங்கள். அது போர்டின் அடியில் உள்ள சால்டரில் பட்டால் ஷார்ட் ஆகும். நான் ஒருமுறை அப்படி ஒன்றை மறந்துவிட்டு, பவர் பட்டனை அழுத்தியும் உயிர் வராத கணினியோடு ஒரு மாலை முழுக்க மல்லுக்கட்டினேன்.

இப்போது கார்டு. ரேடியேட்டர் பெரும்பாலும் 27 மி.மீ. தடிமன், அதோடு சேரும் ஃபேன் 25. ஆக 52 மி.மீ. அந்த 330 முன்பக்கம் காலியாக இருக்கும்போது அளந்தது என்றால் மிச்சம் 278தான். ஃபேன் மாட்டியபின் அளந்தது என்றால் ரேடியேட்டர் தடிமனை மட்டும் கழித்தால் போதும்: 303. அப்போதும் 7 மி.மீ. போதாது. எப்படி அளந்தார்கள் என்பது விளம்பரப் பக்கத்தில் இருக்காது. கேபினெட்டின் மேனுவலில் பொடி எழுத்தில் இருக்கும்.

ரேடியேட்டரை மேலே மாற்றலாமே என்று தோன்றும். மாற்றலாம், ஆனால் அதே 52 மி.மீ. கூரையிலிருந்து கீழே இறங்கும். உயரமான ஹீட்சிங்க் உள்ள ரேமின் தலையில் ஃபேன் இடிப்பது வழக்கமான கதை. மேல் ரேடியேட்டர் இருக்கும்போது ரேம் எவ்வளவு உயரம் இருக்கலாம் என்று மேனுவல் சொல்கிறதா பாருங்கள்.

ஏர் கூலருக்குப் போனால், அதன் உயரம் கேபினெட் சொல்லும் கூலர் வரம்புக்குள் இருக்க வேண்டும். 160 வரம்புக்கு 155 கூலர் போதும். ஆனால் 330 காலி அளவு என்றால், முன் ஃபேன் மாட்டியதும் 305தான் மிஞ்சும், கார்டு மறுபடியும் இடிக்கும். கார்டின் மட்டத்தில் ஃபேன் வைக்காமல் விடலாம், அல்லது சில கேபினெட்டுகளில் ஃபிரேமுக்கு வெளியே, முன் மூடிக்குள் மாட்டலாம்.

ரேடியேட்டர் முன்னால்தான் வேண்டுமென்றால் கணக்கு எளிது: 310 கூட்டல் 52, மொத்தம் 362. காலி அளவு 370 மி.மீ.க்குக் குறையாத கேபினெட்டாகப் பாருங்கள். உங்கள் கார்டுக்குப் புதிய 16 பின் பவர் கேபிள் என்றால் பக்கவாட்டுக் கண்ணாடிக்கும் கார்டுக்கும் நடுவே இடம் விடுங்கள். பிளக்கிலிருந்து சுமார் 35 மி.மீ. தூரம் கேபிள் நேராகப் போக வேண்டும், அங்கேயே வளைத்து அமுக்கக் கூடாது.