ரிங்கிங் போர்டிலா, புரோபின் கிரவுண்ட் லீடிலா?

கேள்வி: கோவையில் பம்ப் மோட்டாருக்கான கன்ட்ரோலர் போர்டு ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். மைக்ரோகன்ட்ரோலரிலிருந்து கேட் டிரைவருக்குப் போகும் 3.3 வோல்ட் சிக்னல், ஸ்கோப்பில் பார்த்தால் ஒவ்வொரு ஏற்றத்திலும் 5 வோல்ட் வரை எழும்பி ஆடுகிறது. தொடரில் 100 ஓம் போட்டதும் அடங்கிவிட்டது. அப்படியானால் ஆட்டம் போர்டில்தானே இருந்திருக்கிறது?

பதில்: அடங்கியதை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வர முடியாது. போர்டில் உண்மையாகவே ரிங்கிங் இருந்தாலும் அந்த 100 ஓம் அதை அடக்கும். போர்டு சுத்தமாக இருந்து, புரோபே ரிங்கிங்கை உண்டாக்கியிருந்தாலும் அதே 100 ஓம் அதையும் அடக்கும். நீங்கள் முதலைக் கிளிப் போட்ட நீளமான கிரவுண்ட் லீடோடு அளந்திருந்தால், என் சந்தேகம் முதலில் அந்த லீடின் மேல்தான் விழும்.

10X-இல் வைத்த சாதாரண புரோபின் முனையில் ஏறத்தாழ 12 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் இருக்கிறது. 3.3 வோல்ட் சிக்னல் 2 நானோசெகண்டில் ஏறும்போது இந்தச் சிறு கெப்பாசிட்டன்ஸை நிரப்ப ஏறக்குறைய 20 மில்லியாம்பியர் மின்னோட்டம் புரோபுக்குள் பாய வேண்டியிருக்கிறது. பாய்ந்த மின்னோட்டம் போர்டுக்குத் திரும்பி வர வேண்டுமல்லவா? அது திரும்பும் ஒரே குறுக்கு வழி கிரவுண்ட் லீடு. கம்பி எதுவாக இருந்தாலும் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10 நானோஹென்றி இண்டக்டன்ஸ் உண்டு என்பது நல்ல தோராயக் கணக்கு. எனவே 15 சென்டிமீட்டர் லீடு 150 நானோஹென்றி ஆகிறது. மின்னோட்டம் திடீரென்று எழுந்து திடீரென்று விழும்போது அந்த இண்டக்டன்ஸின் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தம் தோன்றுகிறது. அந்த நேரத்தில் புரோபின் உடல் கிரவுண்டில் நிற்பதில்லை, போர்டின் கிரவுண்டிலிருந்து விலகி ஆடுகிறது. ஸ்கோப்போ புரோபின் முனைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைத்தான் வரைகிறது. உடலின் ஆட்டம் சிக்னலின் ஆட்டமாகத் திரையில் தெரிகிறது.

150 நானோஹென்றியும் 12 பிக்கோஃபாரடும் சேர்ந்தால் ஒரு ஒத்ததிர்வுச் சுற்று கிடைக்கிறது. அதன் அதிர்வெண்ணை நேராகக் கணக்கிடலாம்:

```
f = 1 / (2π√(LC)) ≈ 119 MHz
```

அதாவது முகட்டுக்கு முகடு 8 நானோசெகண்டுக்குச் சற்று அதிகம். உங்கள் திரையில் கர்சர் வைத்து அளந்து பாருங்கள். இந்த அளவை ஒட்டி வந்தால் சந்தேகம் வலுக்கிறது.

இனி 100 ஓம் கதைக்கு வருவோம். இந்தச் சுற்றின் இயல்பு எதிர்ப்பு √(L/C), அதாவது ஏறத்தாழ 112 ஓம். மைக்ரோகன்ட்ரோலரின் பின்னின் உள் எதிர்ப்பு 25 ஓம் என்று வைத்துக்கொண்டால், சுற்றின் Q ஏறத்தாழ 4.5, ஒவ்வொரு எட்ஜும் அதை நன்றாகவே உலுக்கி ஆடவிடும். தொடரில் 100 ஓம் சேர்த்ததும் மொத்தம் 125 ஓம் ஆகி Q ஒன்றுக்குக் கீழே இறங்கிவிடுகிறது, ஆட்டம் ஒரு சிறு மேடாகச் சுருங்குகிறது. மின்னோட்டம் அந்த ரெசிஸ்டர் வழியாகத்தான் புரோபுக்குள் போகிறது என்பதால், நீங்கள் போர்டைத் திருத்தியதாக நினைத்துப் புரோபைத் திருத்தியிருக்கலாம். இந்தத் துறையில் பலரை ஏமாற்றும் இடம் இதுதான் என்பேன், ஏனென்றால் மருந்து கொடுத்ததும் நோய் போய்விட்டால் யாரும் மறுபடி அளப்பதில்லை.

கணபதிப் பக்கம் சோலார் பம்ப் கன்ட்ரோலர் செய்யும் ஒரு சிறு பட்டறையில் ஏறக்குறைய இதே சிக்னலைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். "டிராக் நீளமுங்க சார், போர்டையே மாத்தி அடிக்கணுமுங்க" என்று அங்கிருந்த இளைஞர் உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 200 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பில் முகடு 5 வோல்ட்டை நெருங்கியது உண்மைதான். புரோபோடு வரும் கிரவுண்ட் ஸ்பிரிங் வழக்கம்போல் தொலைந்திருந்தது. மோட்டார் வைண்டிங் செய்யும் ஊரில் தாமிரக் கம்பிக்கா பஞ்சம்? ஒரு துண்டு எடுத்து, பிளேடால் எனாமலைச் சுரண்டி, ஈயம் பூசி, புரோபின் முனைத் தொப்பியைக் கழற்றினால் தெரியும் உலோக வளையத்தைச் சுற்றி மூன்று சுற்று இறுக்கமாகச் சுற்றினோம். மீதி நுனியை முனைக்குப் பக்கத்திலேயே ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு நீட்டி, டிரைவர் ஐசியின் கிரவுண்ட் காலில் அழுத்தினோம். முகடு 3.6 வோல்ட்டுக்கு அருகில் வந்து நின்றது. ரெசிஸ்டர் எதையும் மாற்றவில்லை.

கணக்கும் அதோடு ஒத்துப்போகிறது. ஒரு சென்டிமீட்டருக்கு 10 நானோஹென்றி என்றால் ஒத்ததிர்வு 460 மெகாஹெர்ட்ஸுக்குத் தாவுகிறது. 2 நானோசெகண்ட் எட்ஜில் அவ்வளவு உயரத்தில் அதை உலுக்கும் சக்தி மிகக் குறைவு, அந்த ஸ்கோப்பின் எல்லையோ 200 மெகாஹெர்ட்ஸோடு முடிந்துவிடுகிறது.

ஸ்பிரிங் செய்ய வசதியில்லை என்றால் கிரவுண்ட் லீடின் நீளத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். லீடைப் பாதியாக்கினால், பொய்யான ரிங்கிங்கின் அதிர்வெண் 119-இலிருந்து 168 மெகாஹெர்ட்ஸை நோக்கி ஏறும். போர்டில் உண்மையாக இருக்கும் ரிங்கிங்குக்கு உங்கள் லீடு எவ்வளவு நீளம் என்று தெரியாது, அது ஏறத்தாழ அதே அதிர்வெண்ணில் நிற்கும். உயரம் குறைந்ததா என்பதை விட அதிர்வெண் நகர்ந்ததா என்பதே நம்பத்தக்க சாட்சி. புரோப் முனையையும் கிளிப்பையும் ஒரே கிரவுண்ட் புள்ளியில் வைத்துப் பார்க்கும் சோதனை பலருக்குத் தெரியும். அது பயனுள்ளதுதான், ஆனால் பக்கத்து மின்னோட்டங்களின் காந்தப்புலத்தை லீடின் வளையம் பிடிக்கிறதா என்பதைத்தான் அது முக்கியமாகக் காட்டும். முனையில் எட்ஜே இல்லாததால் முனைக் கெப்பாசிட்டன்ஸ் உண்டாக்கும் ஆட்டம் அதில் தோன்றாது. எனவே அந்தச் சோதனையில் கோடு தட்டையாக வந்தாலும் லீடு குற்றமற்றது என்று பொருளில்லை.

புரோபின் சரிக்கட்டும் திருகைத் திருப்பி ரிங்கிங்கை அடக்கப் பார்ப்பவர்களையும் கண்டிருக்கிறேன். அந்தத் திருகு ஸ்கோப் தரும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையைத் தட்டையாக்குவதற்கானது. நானோசெகண்ட் விவகாரத்தில் அதைத் தொட்டால் மற்ற எல்லா அளவீடும் கெடும். ஸ்கோப்பின் 20 மெகாஹெர்ட்ஸ் வரம்பைப் போட்டால் திரை அழகாகிவிடும், ஆனால் பொய்யோடு மெய்யும் மறைந்துபோகும்.

எல்லா இடத்திலும் நீண்ட லீடை வெறுக்க வேண்டியதில்லை. மாஸ்பெட்டின் கேட் 50 நானோசெகண்டில் மெதுவாக ஏறுகிறது என்றால், 119 மெகாஹெர்ட்ஸ் சுற்று பெரிதாக ஆடாது, கிளிப்பே போதும். ஒரு எச்சரிக்கை மட்டும்: உங்கள் போர்டு வீட்டு மின்சாரத்தை நேரடியாக ரெக்டிஃபை செய்து ஓடுகிறது என்றால், அதன் டிசி நெகட்டிவில் கிளிப்பையோ ஸ்பிரிங்கையோ வைக்கவே வேண்டாம். புரோபின் உடல் ஸ்கோப் வழியாக எர்த்தோடு இணைந்திருப்பதால் அது நேரடி ஷார்ட்டாகிவிடும். அங்கே டிஃபரன்ஷியல் புரோப்தான் வழி.

உங்கள் 100 ஓமைக் கழற்றிவிட்டு, குட்டை கிரவுண்டோடு டிரைவரின் இன்புட் காலிலேயே மறுபடி அளந்து பாருங்கள். முகடு டிரைவரின் டேட்டாஷீட் சொல்லும் உச்ச வரம்புக்குள் இருந்தால் டிராக்கையும் போர்டையும் மாற்ற வேண்டாம். அந்த 100 ஓமை அங்கேயே விட்டுவைத்தாலும் சில பிக்கோஃபாரட் இன்புட்டில் ஒரு நானோசெகண்ட் அளவு தாமதம்தான் வரும், இந்தச் சிக்னலுக்கு அது பொருட்டல்ல.